சொந்தப் பள்ளியை ஆராயும் ஆசிரியர் எங்கே நிற்கிறார்?

தன் பள்ளியையே களமாக எடுத்துக்கொண்ட ஆசிரியர்களின் ஆய்வேடுகளைப் புரட்டினால், முறையியல் அத்தியாயத்தில் கிட்டத்தட்ட இப்படி இரண்டு வரி இருக்கும்: ஆய்வாளர் இதே பள்ளியில் பணிபுரிவதால் தரவு திரட்டுவது எளிதாக இருந்தது; ஆயினும் சொந்த விருப்பு வெறுப்புகளை ஒதுக்கிவைத்து நடுநிலையோடு ஆய்வு செய்யப்பட்டது. அதோடு அந்த விஷயம் முடிந்துவிடும். அடுத்த பத்தியில் மாதிரித் தேர்வு வந்துவிடும்.

எனக்கு இந்த இரண்டு வரிகளோடும் சண்டை உண்டு. ‘எளிதாக இருந்தது’ என்றால் யாருக்கு எளிது? எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் அதன் டீச்சர் ‘உன்னிடம் கொஞ்சம் பேசணும், வா’ என்றால் வராமல் என்ன செய்யும்? அந்த எளிமைக்கான விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது. இரண்டாவது வரியை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஒதுக்கிவைத்தேன் என்று சொல்பவர் எதை ஒதுக்கினார், எந்த நேரத்தில், எப்படி என்று படிக்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பகுதிநேர ஆய்வாளர். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடிக்கடி விடுப்பு எடுப்பது ஏன் என்பதுதான் என் ஆய்வு. என் கைடு முதல் வரைவைப் பார்த்துவிட்டு, “பொசிஷனாலிட்டி பகுதியை இன்னும் விரிவா எழுதுங்கம்மா” என்றார். நிறைய பேர் இதைக் கேட்டதும் சுயவிவரம் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பெண், இந்த ஊர், இத்தனை வருட அனுபவம், நடுத்தர வர்க்கம், இன்ன சாதி என்று ஒரு பத்தி. அது நேர்மையாக எழுதப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் அந்த விவரம் ஒவ்வொன்றும் தரவை என்ன செய்தது என்று சொல்லாதவரை, ஆய்வேட்டைப் படிப்பவருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1972இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விவாதத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் இடம். ஒரு குழுவை அதன் உள்ளே இருப்பவர்தான் அறிய முடியும் என்பவர்களையும், வெளியே நிற்பவர்தான் சரியாகப் பார்ப்பார் என்பவர்களையும் அவர் ஏற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே சமயத்தில் பல அடையாளங்கள் இருப்பதால், யாராயினும் ஒரு விஷயத்தில் உள்ளே இருப்பார்கள், இன்னொன்றில் வெளியே இருப்பார்கள் என்றார். என் பள்ளியிலேயே இதைப் பார்க்கலாம். ஆசிரியர் அறைக்கு நான் உள்ளாள். பிள்ளைகளின் பேச்சுக்கு வெளியாள். பேருந்தேறி வேலைக்கு வருகிறவள் என்பதால் ஊருக்கும் வெளியாள். ஆகவே ‘நான் உள்ளிருந்து ஆராய்ந்தேன்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது போதாது. யாரிடம் பேசும்போது உள்ளே, எதைப் பேசும்போது வெளியே என்று எழுத வேண்டும்.

சார்பு என்றதும் நாம் பாசத்தையே நினைக்கிறோம். என் பிள்ளைகள், என் பள்ளி, அதனால் நல்லதாகவே எழுதிவிடுவேனோ என்று. அதைவிட ஆழமான சார்பு இன்னொன்று உண்டு. காரணம் எங்கே இருந்தால் எனக்கு நல்லது என்பது அது. பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் பள்ளிக்கு வெளியே இருந்தால், ஆசிரியர் அறையில் யாருக்கும் சங்கடமில்லை. வீட்டில் கண்டுகொள்வதில்லை, அப்பா குடிக்கிறார், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, திருவிழா, சந்தை. இவை எல்லாமே உண்மையாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து. காரணம் வாசலுக்கு உள்ளே இருந்தால் நாளை நான் யார் முகத்தில் விழிப்பது? வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நான் பட்டம் வாங்கிய பிறகும் அதே மேசையில்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க வேண்டும்.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஆலன் பெஷ்கின். அவர் முதலில் மான்ஸ்ஃபீல்டு என்று பெயர் மாற்றிய ஒரு சிற்றூரில், பள்ளிக்கும் ஊருக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். அந்த ஊரின் ஒட்டுறவு அவருக்குப் பிடித்துப்போனது, புத்தகத்திலும் அந்த வாஞ்சை தெரிந்தது. பிறகு பெத்தனி என்று அவர் பெயரிட்ட அடிப்படைவாதக் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றை ஆராய்ந்தார். அந்தப் புத்தகம் 1986இல் வந்தது. அங்கும் மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்தார்கள். ஆனால் அவர் யூதர். அவரையும் மதம் மாற்ற முயன்றார்கள். எழுதும்போது, மான்ஸ்ஃபீல்டில் கொண்டாடிய அதே ஒட்டுறவைப் பெத்தனியில் தான் கொண்டாடவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அடுத்து, பல இனப் பிள்ளைகள் படித்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது, களத்தில் இருக்கும்போதே தன் மனம் எங்கே இளகுகிறது, எங்கே சுருங்குகிறது, எங்கே ஆராய்வதை விட்டுவிட்டு உதவத் தோன்றுகிறது என்று உடனுக்குடன் குறித்துவைத்தார். 1988இல் அதைக் கட்டுரையாக எழுதினார். நம் ஊர் முறையியல் அத்தியாயங்களில் அவர் பெயர் வருகிறது, ஆனால் அவர் செய்த வேலை வருவதில்லை. எல்லாம் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதும் சார்புப் பத்திக்கும், நடக்கும்போதே எழுதிய குறிப்புக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

என் ஆய்வில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே, பிள்ளைகள் வராததற்கு நான் நம்பும் காரணங்களை வரிசையாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு கைடிடம் கொடுத்தேன். ஒவ்வொரு காரணத்தின் அருகிலும், இது யார் சொல்லி எனக்குத் தெரியும் என்றும் எழுதினேன். அந்தத் தாளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஆசிரியர் அறையிலிருந்து வந்தவை. ஒன்றுகூடப் பிள்ளை வாயால் நான் கேட்டதல்ல. இப்படி ஒரு தாள் இருந்தால், கடைசியில் கிடைக்கும் முடிவு அந்தத் தாளை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று யாரும் சரிபார்க்கலாம். அச்சாக ஒத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அந்தத் தாளில் ஒரு வரி: வியாழக்கிழமை சந்தை, அதனால் வருகை குறையும். எங்கள் பள்ளியில் இதைக் கேள்வி கேட்பவர் யாரும் இல்லை. வியாழக்கிழமை வருகை குறைவது பதிவேட்டிலும் தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால், உள்ளூர் அறிவு உறுதியாயிற்று என்று ஒரு நல்ல பத்தி கிடைத்திருக்கும். ஆனால் வருகைப் பதிவேட்டில் முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் தனித்தனியே குறிக்கிறோம் அல்லவா? இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது, வியாழக்கிழமை வராத பிள்ளைகளில் பலர் முற்பகல் மட்டுமே வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, பிற்பகல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தை கூடுவதே மதியத்துக்கு மேல்தான். சந்தைக்காக விடுப்பு எடுக்கும் பிள்ளை காலையில் வந்து மதியம் போக வேண்டும். இங்கே நடந்தது தலைகீழ்.

கால அட்டவணையைப் பார்த்தேன். வியாழன் முதல் பாடவேளை ஒரு பாடத்தின் வாராந்திரத் தேர்வு. அது எனக்குத் தெரியாத செய்தியல்ல, தினமும் கண்முன் தொங்கும் அட்டவணைதான். சந்தை என்ற பதில் கையில் தயாராக இருந்ததால் யாரும் அட்டவணையையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்லை. உள்ளிருப்பவரின் அறிவு பொய்யாக இருப்பது குறைவு. கேள்வியைச் சீக்கிரம் மூடிவிடுவதுதான் அதன் பிரச்சினை.

நேர்காணலில் இதே மூடல் வேறு உருவத்தில் வருகிறது. ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும்போது ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தது: “உங்களுக்கே தெரியும்ல டீச்சர்.” பிள்ளைகள் சொன்னார்கள், அம்மாக்களும் சொன்னார்கள். கேட்ட இடமெல்லாம் நான் ‘ம்’ சொல்லி அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன். உரையாடல் என்றால் அப்படித்தான் ஓடும். ஆனால் தரவு என்று பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. அவர் என்ன நினைத்துச் சொன்னார், நான் என்ன நினைத்துத் தலையாட்டினேன், இரண்டும் ஒன்றா என்று தெரியாது. அதன்பிறகு அந்தச் சொற்றொடர் வரும் ஒவ்வொரு இடத்தையும் குறியிட்டேன். அடுத்தடுத்த நேர்காணல்களில் அது வந்தால், “எனக்குத் தெரிஞ்சது இருக்கட்டும், நீ சொல்றது இதுல பதிவாகணும், முழுசா சொல்லு” என்று கேட்டேன். தன் பள்ளியை ஆராயும் எவரும் தங்கள் எழுத்தாக்கத்தில் இந்தச் சொற்றொடரைத் தேடிப் பார்க்கலாம். எங்கெங்கே தரவு காலியாக இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

என்னிடம் சொல்லாததை வேறு ஒருவரிடம் சொல்வார்களா? எங்கள் பள்ளியோடு தொடர்பில்லாத, பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாத சக ஆய்வாளர் ஒருவர் அதே கேள்விகளைக் கொண்டு சில பிள்ளைகளிடம் பேசினார். பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவிகளை இதற்கு வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு அவர்களும் டீச்சர்தான். என்னிடம் வந்த காரணங்கள் காய்ச்சல், அக்கா வளைகாப்பு, பஸ் வரவில்லை. விடுப்புக் கடிதத்தில் எழுதும் காரணங்கள் இவை. விடுப்புக் கடிதம் வாங்குகிறவளிடம் அவற்றைத்தான் சொல்வார்கள். அந்தச் சக ஆய்வாளரிடம் வந்தவை வேறு. தேர்வில் குறைந்தால் வராந்தாவில் நிற்க வேண்டும், எதிர் வகுப்புப் பையன்கள் பார்ப்பார்கள். மாதவிடாய் நாட்களில் கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா என்று நம்ப முடியாது. இவற்றில் எதையும் என்னிடம் ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வெளியாளே செய்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஒரு பிள்ளை அவரிடம் விவரித்த கடுமையான ஒரு சம்பவம், நடந்தது உண்மைதான், ஆனால் அது வேறு பள்ளியில், அந்தப் பிள்ளை எங்களிடம் சேர்வதற்கு முன்பு. அவருக்கு அது தெரியாது. சேர்க்கை விவரம் எனக்குத் தெரியும். பதிவேட்டின் முற்பகல், பிற்பகல் கட்டங்களுக்கு என்ன பொருள், தாமதமாக வந்த பிள்ளைக்கு எந்த ஆசிரியர் வருகை போடுவார், யார் போடமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியாது. இரண்டு தொகுப்பும் எங்கே முரண்படுகிறதோ அந்த இடங்களைத்தான் நான் ஆய்வேட்டில் அதிகம் எழுதினேன். முரண்பாட்டைச் சமன்செய்து ஒற்றை முடிவாக்குவதைவிட, யார் கேட்டால் எந்தப் பதில் வருகிறது என்பதையே ஒரு முடிவாக எழுதுவது நேர்மையானது.

நேர்காணலுக்குப் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதிலும் நான் நிற்கும் இடம் வேலை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரின் முகம்தான் எனக்குத் தெரியும். பழக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால், கூலி வேலைக்குப் போவதால் கூட்டத்துக்கே வராத பெற்றோர் விடுபடுவார்கள். அவர்கள் பிள்ளைகளே அதிகம் விடுப்பு எடுக்கிறார்கள். அதனால் பதிவேட்டிலிருந்து தேர்ந்தெடுத்து, வீட்டுக்குப் போனேன். ஒரு தெருவில் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர்கள் கடைசிவரை நின்றுகொண்டே பேசினார்கள். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. ஆசிரியை என்ற மரியாதை மட்டுமல்ல அது, என் சாதியும் அந்த ஊருக்குத் தெரியும். நாங்குநேரியில் 2023இல் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் சாதியைப் பற்றிப் பேசும்போது மாணவர்களோடு நிற்கவில்லை, ஆசிரியர்களையும் அலுவலர்களையும் சேர்த்தே பேசியது. அப்படியிருக்க முறையியல் அத்தியாயத்தில் ஆய்வாளரின் சாதி பற்றிய மௌனம் எனக்குச் சரியாகப் படவில்லை. யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் நின்றார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று களக்குறிப்பில் எழுதினேன். நின்றுகொண்டு கொடுத்த நேர்காணல்கள் குறுகியவை. அந்தக் குறுகலுக்கு ‘பெற்றோருக்கு ஆர்வமில்லை’ என்று பெயர் வைப்பது மிக எளிது, மிகத் தவறு.

ஒப்புதல் பற்றிச் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40 முழுக்க ஆசிரியர் கையில். என்னிடம் பேச மறுத்தால் அது குறையுமோ என்று ஒரு பிள்ளை நினைத்தால், அதன் சம்மதக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? ‘கட்டாயமில்லை’ என்று நான் சொல்வதால் மட்டும் அந்தப் பயம் போகாது, சொல்கிறவளே நான்தான். அதனால் ஆய்வை விளக்கியதும் படிவங்களை வாங்கியதும் அந்தச் சக ஆய்வாளர். வேண்டாம் என்றவர்களும் படிவத்தைத் தந்தாக வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் யார் என்ன எழுதினார்கள் என்று தெரியாது. படிவங்கள் அடங்கிய உறை கைடிடம் போனது. அந்தப் பருவத்தின் மதிப்பெண்களைப் பதிவேற்றிய பிறகுதான் யார் சம்மதித்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தது, அதன்பிறகே நேர்காணல். இதனால் ஆய்வு தள்ளிப்போயிற்று. ஆனால் சிலர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். மறுப்பே இல்லாத சம்மதப் பட்டியலைப் பார்த்தால், மறுக்க முடிந்ததா என்று தேர்வாளர் கேட்க வேண்டும்.

இரகசியம் காப்பேன் என்ற உறுதிமொழியிலும் ஆசிரியருக்கு ஓர் எல்லை இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவி செய்பவர்களிடம் சொல்வேன்’ என்பதைப் படிவத்திலேயே, பிள்ளைக்குப் புரியும் தமிழில் எழுதிவிட வேண்டும்.

பெயர் மறைப்பதும் இங்கே பாதிதான் பலிக்கும். ஆய்வேட்டின் அட்டையில் என் பெயர் இருக்கிறது. நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தவருக்குப் பள்ளி தெரியும். பள்ளி தெரிந்தால், ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் இருக்கும் இடத்தில் பாடத்தின் பெயரே ஆளின் பெயர். அதனால்தான் இந்தப் பதிவிலும் எந்தப் பாடத்தின் தேர்வு என்று சொல்லவில்லை. கண்டதைப் பங்கேற்றவர்களிடமே காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று முறையியல் நூல்கள் பலவும் சொல்லும். சொந்தப் பள்ளியில் அதை அப்படியே செய்தால், பிள்ளை சொன்னதை ஆசிரியர் படிப்பார். நாளை அந்தப் பிள்ளை அவர் வகுப்பில் உட்கார வேண்டும். பிள்ளைகளிடம் அவர்கள் சொன்னதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தேன். சக ஆசிரியர்களிடம் பதிவேட்டுக் கணக்கை மட்டும் வைத்தேன்: வியாழன் முற்பகல், வியாழன் பிற்பகல். அதைப் பார்த்ததும் அறையில் பேச்சு தானாகத் தேர்வின் பக்கம் திரும்பியது. யாரும் பிள்ளைகள் பெயரைக் கேட்கத் தேவை வரவில்லை.

என் அத்தியாயத்தில் கடைசியாக நின்ற பத்தி இது: “ஆய்வாளர் இப்பள்ளியின் ஆசிரியை, மாணவரின் வளரறி மதிப்பெண்ணை வழங்குபவர், ஆய்வுக்குப் பின்னும் இங்கேயே பணியில் தொடர்பவர். காரணத்தைப் பள்ளிக்கு வெளியே காணும் சாய்வு இவரிடம் இருந்தது என்பதற்கு ஆய்வுக்கு முன் எழுதப்பட்ட எதிர்பார்ப்புத் தாள் சான்று. அது பின்னிணைப்பில் உள்ளது. ஆய்வாளரிடமும் வெளியாளிடமும் மாணவர் கூறிய காரணங்கள் வேறுபட்டன. வேறுபட்ட இடங்கள் அடுத்த அத்தியாயத்தில் தனியே தரப்பட்டுள்ளன. சக ஆசிரியர்கள் பற்றி மாணவர் கூறியவற்றில் அடையாளம் வெளிப்படக்கூடிய பகுதிகள் விடப்பட்டுள்ளன. இவ்விடுபடுதலால் பள்ளி சார்ந்த காரணங்கள் உண்மையைவிடக் குறைவாகவே இதில் தெரியும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு அதிக நேரம் பிடித்தது. சார்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று திசையைச் சொன்னால்தான் படிப்பவர் தம் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ள முடியும். ‘ஆய்வுக்குச் சில வரம்புகள் உண்டு’ என்று எழுதினால் அவருக்கு எதுவும் கிடைக்காது.

சொந்தப் பள்ளியில் ஆய்வு தொடங்கப்போகும் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதியை ஆய்வு முடிந்தபின் எழுதலாம் என்று வைத்திருக்காதீர்கள். முதல் படிவத்தைக் கொடுப்பதற்கு முன், என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அதை யார் உங்களுக்குச் சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, உங்கள் கைடிடம் கொடுத்துவிடுங்கள்.